கல்யாண ஜடை போடுபவருக்கு மணப்பெண் எழுதித் தரவேண்டிய குறிப்பு: அளப்பதிலிருந்து அனுப்புவது வரை

போன வருஷம் வைகாசியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண், அதற்கு மூன்று மாதம் முன்பு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது:

"அக்கா, முடி இடுப்பு வரைக்கும் இருக்கு. லைட்டா வேவி. நல்ல அடர்த்தி. முதல் நாள் ரிசப்ஷனுக்கு சுருள் விட்டு லூஸ் ஹேர், மறுநாள் பூ ஜடை. முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஜடை போடவும் முடியாது. நான் திருச்சியில் 14 வருஷமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். கல்யாணத்தன்று காலையில் நடக்கும் அழுகை, அவசரம், அம்மாவுக்கும் பெண்ணுக்கும் நடக்கும் சண்டை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இப்படி ஒரு நாலு வரிக் குறிப்புதான் தொடக்கம். அந்தப் பெண்ணை உட்கார வைத்து, இன்னொரு குறிப்பு எழுதச் சொன்னேன். அவள் எப்படி எழுதினாள், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் என்னென்ன பார்த்தாள் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். அவர்கள் வீட்டில் ஐயர் கல்யாணம். உங்கள் வீட்டுச் சடங்கு வேறாக இருக்கலாம். குறிப்பு எழுதும் முறை மாறாது.

முதல் வேலை: இஞ்ச் டேப்பை எடுங்கள்

"இடுப்பு வரை" என்பது அளவே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று தலையைப் பின்னால் சாய்த்தால் யாருக்கும் முடி இடுப்பைத் தொடும். தையற்காரர் வைத்திருக்கும் துணி டேப் ஒன்று போதும். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், தானாகக் காய்ந்த பிறகு, வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். தலையை நேராக வைத்துக்கொண்டு, பிடரியில் முடி ஆரம்பிக்கும் இடத்திலிருந்து நுனி வரை. சுருள் முடி என்றால் இரண்டு அளவு வேண்டும்: அப்படியே விட்டால் எவ்வளவு, நுனியைப் பிடித்து நீட்டினால் எவ்வளவு. ஜடைக்கு நீட்டிய அளவு, விரித்துவிட்ட முடிக்கு விட்ட அளவு.

நுனி என்று எதைச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். பலருக்குக் கடைசி மூன்று நான்கு அங்குலத்தில் எலிவால் மாதிரி பத்து இருபது முடிதான் இருக்கும். ஜடைக்கு அது கணக்கில் வராது. முடி எந்த இடம் வரை கொத்தாக இருக்கிறதோ அதுதான் உங்கள் நீளம். நம் பெண்ணுக்கு டேப் 20 அங்குலம் காட்டியது. கொத்தாக இருந்தது 17 வரைதான். பின்னினால் அதிலும் இரண்டு மூன்று அங்குலம் உள்ளே போய்விடும். ஆக, கையில் இருப்பது 14 அங்குல ஜடை. மீதியெல்லாம் சவுரி.

அடுத்தது அடர்த்தி. பிடரியில் ஒரு ரப்பர் பேண்டால் குதிரைவால் கட்டுங்கள். ரப்பருக்குக் கீழே ஒரு நூலைச் சுற்றி, அந்த நூலை டேப்பில் வைத்துப் பாருங்கள். சுற்றளவு 2 அங்குலத்துக்குக் குறைந்தால் மெல்லிய முடி. 2லிருந்து 3 வரை நடுத்தரம். 4ஐ எட்டினால் நல்ல அடர்த்தி. நம் பெண்ணுக்கு 2¼ வந்தது. "நல்ல அடர்த்தி" என்று ஏன் எழுதினாய் என்று கேட்டேன். அவள் பார்த்து எழுதியது நிச்சயதார்த்தப் போட்டோவை. அதில் இருந்தது சவுரி வைத்த ஜடை!

இந்த ஒரு எண் தெரிந்தால் எனக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். சவுரி மூன்று கால் வைத்து வரும்; ஒவ்வொரு காலும் உங்கள் முடியின் ஒவ்வொரு பிரிவோடும் சேர்ந்து பின்னப்படும். உங்கள் முடி மெல்லியதாக இருந்து கனமான சவுரியை வாங்கி வைத்திருந்தால், மேலே பென்சில், கீழே உலக்கை என்று ஜடை தனியாகத் தெரியும். அதோடு, அந்தக் கனம் முழுவதும் பிடரியில் இருக்கும் கொஞ்ச முடியில் தொங்கும். அதற்கு மேல் பூ ஜடையும் பில்லையும் குஞ்சலமும் ஏறும். நான் வழக்கமாகச் சமையல் தராசில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். அரைக் கிலோவைத் தாண்டியதையும் பார்த்திருக்கிறேன். காலை ஆறரையிலிருந்து மதியம் சாப்பாடு வரை அதைச் சுமக்கப் போவது உங்கள் கழுத்து.

கடைசியாக ஒரு அளவு. இதை யாருமே எழுதி அனுப்புவதில்லை. மணையில் உட்காருவது போலத் தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். பிடரியிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். ஜடை அதைவிட நீளமாக இருந்தால் நீங்கள் அதன் மேல்தான் உட்காருவீர்கள். எழுந்திருக்கும்போது தலை பின்னால் இழுக்கும், பூ நசுங்கும். நம் பெண்ணுக்கு இது 23 அங்குலம். குஞ்சலத்தோடு சேர்த்து ஜடை 22ஐத் தாண்டக்கூடாது என்று அங்கேயே முடிவாயிற்று. பூக்காரரிடம் சொல்லும் நீளமும் அதிலிருந்துதான் வந்தது.

முடியின் சுபாவமும் அது பட்ட பாடும்

நேர் முடியா, அலை முடியா, சுருளா என்பதற்குப் பெயர் தேடி அலைய வேண்டாம். குளித்துவிட்டு, சீப்பே வைக்காமல், காயவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பின்னாலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்தால் எங்களுக்குப் புரிந்துவிடும். சீவிய பிறகு எடுத்தால் உண்மை தெரியாது. ஒரே ஒரு முடியை விரலுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள்: தையல் நூல் மாதிரி தட்டுப்பட்டால் தடித்த இழை, இருப்பதே தெரியவில்லை என்றால் மெல்லிய இழை. அடர்த்தி வேறு, இழை வேறு. மெல்லிய இழை உள்ளவர்களுக்கு ஹேர்பின் வழுக்கி இறங்கும். தடித்த இழையில் ஹேர்பின் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சுருள் விட்டால் நிற்க நேரம் எடுக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம், முடிக்கு நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்பது. ஸ்மூத்தனிங், கெரட்டின், ஸ்ட்ரெய்ட்டனிங், கலர், மருதாணி, எதுவானாலும் எந்த மாதம் செய்தது என்பதோடு எழுத வேண்டும். பெண்கள் இதை மறைப்பதில்லை. முடிந்துபோன கதை என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம்தான் வளரும். நம் பெண் எட்டு மாதம் முன்பு ஸ்மூத்தனிங் செய்திருந்தாள். அப்படியானால் உச்சியிலிருந்து 4 அங்குலம் அவளுடைய சொந்த அலை முடி. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மருந்து போட்டு நேராக்கியது. "லைட்டா வேவி" என்று அவள் எழுதியது அந்த நான்கு அங்குலத்தைப் பார்த்துத்தான்.

இதனால் என்ன ஆகும்? இரண்டு காரியம் கெடும். ஒன்று, ரிசப்ஷனுக்கு விட்ட சுருள் நிற்காது. கல்யாணமோ காவேரிக் கரையில், வைகாசி வெக்கையில். அரை மணியில் சுருள் தொங்கி, கூட்டத்தோடு போட்டோ எடுக்கும்போது வெறும் கலைந்த முடியாக நிற்கும். இரண்டு, முகூர்த்த ஜடையில் சவுரி நழுவும். அப்படிப்பட்ட முடி கண்ணாடி மாதிரி வழுக்கும். பல வருஷம் முன்பு எனக்கே இது நடந்தது. அந்தப் பெண் ஸ்மூத்தனிங் செய்ததைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மி மிதிக்கும் நேரத்தில் பார்க்கிறேன், பிடரியில் உட்கார்ந்திருந்த ராக்கொடி இரண்டு விரல் கீழே இறங்கி நிற்கிறது. மேடை ஏறி எல்லார் முன்னாலும் பின் குத்தினேன். கேட்காதது என் தப்புதான். அதிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் முன்பணம் வாங்குவதில்லை.

முன்னாலேயே தெரிந்தால் வழி இருக்கிறது. சவுரி கட்டும் இடத்தில் உள்முடியை எடுத்து, தலையோடு ஒட்டி இரண்டு சின்னப் பின்னல் போட்டு, அதில் சவுரியைக் கோத்துத் தைத்துவிடலாம். பின்னல் முடிச்சு பிடித்துக்கொள்ளும், நழுவாது. இதற்குப் பத்து நிமிஷம் கூடுதலாக வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தை முந்தின நாளே ஒதுக்கி வைக்க வேண்டும்.

மருதாணி, கலர் விஷயம் சவுரியின் நிறத்துக்காக. கடையில் கிடைக்கும் சவுரி பெரும்பாலும் கன்னங்கரேல் என்று இருக்கும். மருதாணி போட்ட முடி வெயிலில் செம்பட்டையாக மின்னும். மண்டபத்துக்குள் தெரியாது, வெளியே கோவில் வாசலில் நின்று போட்டோ எடுக்கும்போது இரண்டு நிறம் தெரியும். முடியைச் சவுரிக்குப் பொருத்தக் கல்யாண வாரத்தில் டை போட நினைக்கிறவர்கள், அதே டையைக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். அலர்ஜி வந்தால் நெற்றியும் கண்ணிமையும் வீங்கும்.

வகிடு, சுழி, வலி

நெத்திச்சுட்டி நடு வகிட்டில்தான் உட்காரும். நீங்கள் பத்து வருஷமாகப் பக்கவகிடு எடுப்பவர் என்றால் முடியின் வேர் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். அன்றைக்கு மட்டும் நடுவில் எடுத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் நடு வகிடு எடுத்துப் பழக்குங்கள். வகிட்டுக்கு அருகிலோ முன்நெற்றியிலோ சுழி இருந்தால் எழுதுங்கள். இரட்டைச் சுழி என்றால் தலையை மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். வகிடு அகன்று தோல் தெரிகிறது என்றாலும் எழுதுங்கள், கூச்சம் வேண்டாம். நெத்திச்சுட்டியின் சங்கிலியை அதற்கேற்ற அகலத்தில் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் முடியின் நிறத்திலேயே வகிட்டில் பொடி தடவலாம்.

ஒற்றைத் தலைவலி இருக்கிறதா, தலையில் புண், பொடுகு இருக்கிறதா, ஸ்ப்ரே வாசனை பட்டால் தும்மல் வருமா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். தலைவலிக்காரருக்கு நான் உலோகப் பில்லை வைப்பதில்லை.

அன்றைக்குத் தலையில் என்னென்ன நடக்கும்

நாள், இடம், நேரம் மட்டும் எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது உங்கள் தலையை யார், எப்போது, எதற்காகத் தொடப்போகிறார்கள் என்பது. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடும், முடிந்தால் கல்யாணம் நடத்திவைக்கும் வாத்தியாரோடும் உட்கார்ந்து இதை ஒரு பட்டியலாகக் கேட்டு வாங்குங்கள். நம் பெண்ணின் பாட்டி சொல்லச் சொல்ல அவள் எழுதி வந்தாள்.

முதலில் மங்கள ஸ்நானம். விடிகாலையில் சுமங்கலிகள் எண்ணெய் வைத்து, அப்புறம் தலைக்குக் குளிக்க வேண்டும். அலங்காரக்காரிக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. எண்ணெய் முழுசாகப் போகாமல் இருந்தால் பின் நிற்காது, ஸ்ப்ரே பிடிக்காது. முழுசாகப் போக ஷாம்பு போட்டால் முடி ஈரம். அது காய வேண்டும். அடர்த்தியான நீள முடி டிரையர் வைத்தும் முக்கால் மணி கேட்கும். ஈரத்தோடு பின்னினால் ஜடை காயவே காயாது. மதியத்துக்குள் ஒரு வாடை வரும், பூவும் சீக்கிரம் கறுக்கும். அதனால் முந்தின நாள் காலையிலேயே கண்டிஷனர் போடாமல் தலைக்குக் குளித்துவிட்டு, அன்றைக்கு உச்சியில் மூன்று சொட்டு எண்ணெய் மட்டும் வைத்து, உடம்புக்குக் குளித்து, தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ள வீட்டில் சம்மதம் வாங்க முடியுமா என்று கேளுங்கள். பல பாட்டிகள் சம்மதிப்பார்கள். ஆனால் அதை மூன்று மாதம் முன்பு கேட்க வேண்டும். விடிகாலை நாலு மணிக்கு, கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கும் பாட்டியிடம் கேட்கக்கூடாது.

இரண்டாவது மாலை மாற்றல். மாமாமார்கள் தூக்குவார்கள், மாலை வீசப்படும், தவறும், மறுபடி விழும். சம்பங்கியும் ரோஜாவும் கட்டிய மாலை கனமானது. கழுத்தில் விழும்போது அது ராக்கொடியைத் தட்டும், நெத்திச்சுட்டியின் கொக்கியில் மாட்டும். கொக்கி முனையை முடிக்குள் திருப்பி வைத்து மேலே ஒரு பின் குத்தினால் தப்பிக்கலாம். ஆனால் ராக்கொடியைப் பிடரியிலிருந்து இரண்டு விரல் மேலே வைக்க வேண்டும், இல்லையென்றால் மாலை அதன் மேலேயே உட்காரும்.

மூன்றாவது, ஐயர் கல்யாணத்தை அறியாத அலங்காரக்காரருக்குத் தெரியாமல் போகும் இடம். கூறைப்புடவை கட்டுவதற்கு முன்பு, பெண்ணின் தலையில் தர்ப்பையால் செய்த ஒரு வளையத்தை வைத்து, அதன் மேல் நுகத்தடியைப் பிடித்து, அதன் துவாரத்தில் திருமாங்கல்யத்தை வைத்து, மந்திரம் சொல்லித் தண்ணீர் விடுவார்கள். வாத்தியாரைப் பொறுத்துச் சில துளியும் விழலாம், ஒரு உத்தரணி நிறையவும் விழலாம். உச்சியில் பஃப் தூக்கி வைத்திருந்தால் வளையம் உட்காராது. சூரியப் பிறையும் சந்திரப் பிறையும் வளையம் விழும் இடத்துக்கு முன்னால், வகிட்டை ஒட்டி இருக்க வேண்டும். தண்ணீர் விழுந்ததும் துண்டால் தேய்க்கக்கூடாது, ஒற்ற வேண்டும். இந்த ஒரு வரிக்காகவே நம் பெண் பாட்டிக்கு ஒரு புடவை எடுத்துத் தரலாம். மேலே பஃப் வைத்த மாடல் போட்டோவைத்தான் அவள் முதலில் அனுப்பியிருந்தாள்.

அதன் பிறகு கூறைப்புடவைக்கு மாற வேண்டும்; மடிசார் கட்டு. இருபது நிமிஷத்தில் நடக்கிற இந்த மாற்றத்தில் ஜடைதான் குறுக்கே நிற்கும். பழைய புடவையை உருவும்போது பில்லையின் முனை ஜரிகையில் மாட்டும். ஜடை முழுவதையும் ஒரு மெல்லிய பருத்தித் துண்டில் சுற்றி முன்பக்கம் போட்டுவிட்டுத்தான் புடவையைத் தொட வேண்டும். அந்த வேலையைச் செய்ய அறையில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார் என்பதும் குறிப்பில் இருக்கட்டும்.

அப்புறம் தாலி. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவார். ஜடையைத் தூக்கிப் பிடித்தால்தான் பிடரி தெரியும். தாழ்வான கொண்டை போட்டு அதைச் சுற்றிப் பூ வைத்தால், நாத்தனார் கை நுழைய இடம் இருக்காது. மஞ்சள் கயிறு பூவோடு சேர்ந்து முடிச்சு விழும். ஜடையானால் தூக்கலாம், ஆனால் பூவைப் பிடித்துத் தூக்கினால் பூ கையோடு வரும். ராக்கொடிக்குக் கீழே ஒரு சாண் இடத்தில் ஜடையின் அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும் என்று நாத்தனாரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது என் வழக்கம். நாத்தனாரின் போன் நம்பரை நான் கேட்டு வாங்குவது இதற்குத்தான், வேறு கதை இல்லை.

ஹோமப் புகை, அட்சதை, ஊஞ்சலில் சுற்றிப் போடும் கலர்ச் சாத உருண்டையான பச்சைப்பிடி எல்லாம் சின்ன விஷயங்கள். அட்சதை முடிக்குள் போனால் போகட்டும். சாயங்காலம் உதிர்த்துக்கொள்ளலாம்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

"முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல" என்பது எனக்கு உதவாது. காசி யாத்திரை ஏழு மணிக்கு. போட்டோக்காரர் ஆறரைக்கே தயாராக வரச் சொல்லியிருந்தார். அப்படியானால் என் கணக்கு ஆறரையிலிருந்து பின்னோக்கி ஓடும். புடவை, நகைக்கு 40 நிமிஷம்: 5.50. முகத்துக்கு ஒரு மணி: 4.50. ஜடைக்கு, அந்தச் சின்னப் பின்னலையும் சேர்த்து, ஒரு மணி பத்து நிமிஷம்: 3.40. முடி காய அரை மணி: 3.10. அதற்கு முன் குளியல். வாத்தியார் சொன்ன ஸ்நான நேரமோ நாலரை.

ஒன்றரை மணி நேரம் இடிக்கிறது. இதைக் கல்யாணத்தன்று காலையில் கண்டுபிடித்தால் ஜடை போய்விடும், ஒரு சாதாரணப் பின்னலில் பூச்சரத்தைச் சுற்றிக்கொண்டு போவீர்கள். மூன்று மாதம் முன்பு கண்டுபிடித்ததால் இரண்டு மாற்றம் செய்தோம். மூன்று சொட்டு எண்ணெய்க்குப் பாட்டி ஒப்புக்கொண்டார். காயவைக்கும் அரை மணி போயிற்று. நான் உதவிக்கு ஒருவரை அழைத்து வர, அவர் முகத்தைப் பார்க்கும்போதே நான் ஜடையைப் பார்த்தேன். அதில் ஒரு மணி போயிற்று. நாலரைக்குக் குளியல், 4.40க்கு நாற்காலி, 5.50க்குப் புடவை. பத்து நிமிஷம்கூட மிச்சமில்லாத கணக்குதான். அதனால் குளியலறைக்குப் பக்கத்து அறையே வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம்.

முந்தின இரவையும் மறந்துவிடக்கூடாது. ரிசப்ஷன் முடிந்து பத்தரைக்கு அறைக்கு வரும் தலையில் ஸ்ப்ரே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே வைத்துத் தூங்கினால் காலையில் சிக்கு எடுக்கவே இருபது நிமிஷம். பின்களை எடுத்து, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்து, தளர்ந்த பின்னல் போட்டுத் தூங்க வேண்டும். இந்தக் காரணத்தினால்தான் அவளுடைய ரிசப்ஷன் சுருளை நான் மறுத்தேன். நிற்காத சுருளுக்கு அரை பாட்டில் ஸ்ப்ரே அடித்து, காலையில் அதை எடுக்க நேரமில்லாமல் திண்டாடுவது யாருக்கு வேண்டும்? முன்முடியை மட்டும் திருகிப் பின்னால் கட்டி, பின்முடியை நேராகவே விட்டோம். ஸ்மூத்தனிங் செய்த முடிக்கு அதுதான் இயல்பு.

அறையும் பூவும்

மண்டபத்து மணமகள் அறைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிளக் பாயிண்ட் எத்தனை ஆம்பியர்? சாதாரண சின்ன பாயிண்டில் 2,000 வாட் டிரையரை மாட்டினால் சூடேறும், ஃப்யூஸ் போகும். ஏசி, கீசர் மாட்டும் பெரிய பாயிண்ட் வேண்டும், அதுவும் கண்ணாடிக்குப் பக்கத்தில். போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும்.

பூ ஜடையை யார் வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள். அலங்காரக்காரர் வாங்குவார் என்று நீங்களும், வீட்டில் வாங்குவார்கள் என்று அவரும் நினைத்துக்கொண்டிருப்பது சகஜம். மல்லி மொட்டாகக் கட்டியது முந்தின இரவு வந்துவிட வேண்டும். ஈரத்துணியில் சுற்றி, மேலே வாழை இலை போட்டு, ஏசி அறையில் வைத்தால் காலையில் பாதி விரிந்து சரியாக இருக்கும். பூக்காரருக்கு நீளத்தை முழத்தில் சொல்லாதீர்கள், ஆளுக்கு ஆள் முழம் மாறும். அங்குலத்தில் வெட்டிய ஒரு நாடாவையே கொடுத்துவிடுங்கள்.

அவள் இரண்டாவது முறை அனுப்பிய குறிப்பு

"அக்கா, சொன்னபடி எல்லாம் அளந்துட்டேன்.

முடி: பிடரியிலிருந்து நுனி 20 அங்குலம், கொத்தாக இருப்பது 17. குதிரைவால் சுற்றளவு 2¼. இழை மெல்லிசு, பின் வழுக்கும். எட்டு மாசம் முன்னாடி ஸ்மூத்தனிங் பண்ணினேன். மேலே 4 அங்குலம் அலை, கீழே நேர். கலர் போடவில்லை, மருதாணி போன வருஷம் இரண்டு தடவை. சம்மணமிட்டு உட்கார்ந்தால் பிடரியிலிருந்து தரை 23.

தலை: இடப்பக்க வகிடு, நடு வகிடு பழக ஆரம்பித்திருக்கேன். உச்சியில் ஒற்றைச் சுழி. வகிடு கொஞ்சம் அகலம். எப்போதாவது ஒற்றைத் தலைவலி வரும். ஸ்ப்ரே ஒத்துக்கும்.

முதல் நாள்: ரிசப்ஷன் 6.30லிருந்து 10. அன்னிக்குக் காலையில் தலைக்குக் குளிச்சிடுவேன், கண்டிஷனர் இல்லாமல்.

முகூர்த்த நாள்: ஸ்நானம் 4.30. எண்ணெய் மூணு சொட்டு மட்டும், பாட்டி சரின்னுட்டா. 6.30க்கு போட்டோ, 7க்கு காசி யாத்திரை, பிறகு மாலை மாற்றல், ஊஞ்சல். நுகத்தடிக்குத் தலையில் தர்ப்பை வளையம், தண்ணீர் விழும். அதனால் உச்சியில் பஃப் வேண்டாம். பிறகு கூறைப்புடவை, 20 நிமிஷம். சித்தி கூட இருப்பாள், ஜடையை அவள் பார்த்துப்பாள். தாலி முடிச்சு நாத்தனார் போடுவாள், அவளிடம் பேசிட்டேன்.

அறை: முதல் மாடி, லிஃப்ட் இல்லை. பெரிய பாயிண்ட் கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில், எக்ஸ்டென்ஷன் வேணும்.

பூ: அப்பா வாங்கறார், முந்தின நாள் ராத்திரி 9க்கு வரும். நீளம் நீங்க சொல்லுங்கோ.

வேண்டாதது: உலோகப் பில்லை. காதை மூடும் முடி.

போட்டோ நாலு அனுப்பியிருக்கேன்: குளிச்சு சீவாதது, மேலிருந்து வகிடு, பக்கவாட்டு, அறையின் பிளக்."

நான் பதிலுக்கு மூன்று விஷயம் எழுதினேன். சவுரி மெல்லியதாக, மூன்று கால், கொஞ்சம் பழுப்பு ஓடிய கறுப்பில் நானே கொண்டு வருகிறேன். பூ ஜடை 17 அங்குலம், குஞ்சலம் 4, மொத்தம் 21. எக்ஸ்டென்ஷன் என்னிடம் உண்டு, ஆனால் பெரிய பாயிண்டுக்குச் சேரும் கனமான ஒயர் கொண்டதாக மண்டபத்திலும் ஒன்று கேட்டு வையுங்கள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு ட்ரையல் பார்த்தோம். ஜடை போட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார வைத்து, பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொன்னேன். சவுரி அசையவில்லை. ஆனால் அவள் தலையைக் குனிந்தபோது குஞ்சலம் முன்னால் வந்து விழுந்து மடியில் கிடந்தது. ஹோமத்தில் நெய் விடும்போது அது நெருப்புப் பக்கம் போகும். அதனால் ஜடையின் நுனியிலிருந்து ஒரு கறுப்பு நூலை எடுத்து, புடவையின் இடுப்பு மடிப்புக்குள் ஒரு சின்ன ஊக்கில் மாட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். கூறைப்புடவை மாற்றும்போது அதைக் கழற்றி மறுபடி மாட்டுவது சித்தியின் வேலை. அதையும் குறிப்பின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்து, சித்திக்கும் அனுப்பினாள்.